‘அனுமதி கொடுத்தது நான்தானே?’

வாசகர் கடிதம்

வணக்கம் மேடம். எனக்கு வயது 38. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன், பையனின் டியூஷன் கட்டணத்துக்காக, மெசேஜில் வந்த இணைப்பை அழுத்தி ஒரு கடன் செயலியை இறக்கினேன். 7,000 ரூபாய் கடன் என்றார்கள். கைக்கு வந்தது 4,300. ஏழு நாளில் 7,000 முழுவதும் கட்டிவிட்டேன். இன்னும் பாக்கி என்கிறார்கள். என் படத்தைப் போட்டு ‘ஏமாற்றுக்காரி’ என்று பையனின் டியூஷன் ஆசிரியைக்கும், எனக்குத் துணி கொடுக்கும் எம்.சி. ரோடு கடைக்காரருக்கும், மாமியாருக்கும் அனுப்பிவிட்டார்கள். செயலியை உடனே நீக்கிவிட்டேன். அனுமதி கேட்டபோதெல்லாம் ‘சரி’ கொடுத்தது நான்தான்; அதனால் புகார் கொடுக்கவும் கூச்சமாக இருக்கிறது.

போனில் மைக்கும் நம் பேச்சைக் கேட்கிறதாமே? நானும் நாத்தனாரும் வெள்ளிக் கொலுசு பற்றிப் பேசினோம். மறுநாள் கொலுசு விளம்பரம் வந்தது. பயத்தில் எல்லா அனுமதியையும் மூடிவிட்டேன். இப்போது வாட்ஸ்அப் அழைப்பில் என் குரல் கேட்கவில்லை, ஆட்டோ செயலி என் தெருவைக் கண்டுபிடிப்பதில்லை. உண்மையில் எதை மூட வேண்டும், எதைத் திறந்து வைக்கலாம்?

வழக்கறிஞரின் பதில்

சகோதரி, மூன்றில் ஒன்றைத்தான் மூடலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், தொடர்புப் பட்டியலைத்தான் மூடுவேன். அடுத்தது இருப்பிடம். நீங்கள் அதிகம் பயப்படும் மைக் கடைசியில்தான் வரும்.

மைக் அனுமதியை இன்று எடுத்துவிட்டால், நாளை நீங்கள் பேசுவது அந்தச் செயலிக்குப் போகாது. இருப்பிடத்தை எடுத்துவிட்டால், நாளை நீங்கள் போகும் இடம் தெரியாது. தொடர்புப் பட்டியல் அப்படி இல்லை. அது ஒரே தடவையில், சில நொடிகளில், மொத்தமாகப் போய்விடும். உங்கள் மாமியாரின் எண் அடுத்த வாரமும் அதே எண்தான், அடுத்த வருடமும் அதே எண்தான். அதனால்தான் செயலியை நீக்கிய பிறகும் மெசேஜ் போகிறது. நீங்கள் நீக்கியது உங்கள் கைபேசியில் இருந்த செயலியை. பட்டியலின் நகல் அதற்கு முன்பே வேறு எங்கோ இருக்கும் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கும் பொத்தான் எந்தக் கைபேசியிலும் இல்லை.

அந்தப் பட்டியலில் வெறும் எண்கள் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்த அனுமதியைக் கொடுத்தால், சேமித்த ஒவ்வொருவரின் பெயர், எண், மின்னஞ்சல், நீங்கள் எழுதி வைத்த குறிப்பு எல்லாவற்றையும் செயலி படிக்க முடியும். நாம் பெயரை எப்படிச் சேமிக்கிறோம் என்று பாருங்கள். ‘டியூஷன் மிஸ்’, ‘எம்.சி. ரோடு கடை அண்ணன்’, ‘மாமியார் புது நம்பர்’, ‘டாக்டர் சர்க்கரை’. பாரிமுனையில் என் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் தன் கைபேசியைக் காட்டியபோது என் எண்ணைப் பார்த்தேன். ‘வக்கீல் மேடம் ஜீவனாம்ச கேஸ்’ என்று சேமித்திருந்தார். அவர் வீட்டு விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. உங்களை மிரட்டுகிறவனுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. ஆனால் யார் முன்னால் நீங்கள் தலை குனிவீர்கள், யார் வேலை கொடுப்பதை நிறுத்தினால் உங்கள் அடுப்பு எரியாது என்பதை உங்கள் பட்டியலே அவனுக்குச் சொல்லிவிட்டது. நூற்றுக்கணக்கான பெயர்களில் அந்த மூன்று பேர் தற்செயலாக மாட்டியிருக்க மாட்டார்கள்.

‘சரி’ கொடுத்தால் சட்டம் கைவிட்டுவிடுமா?

உங்கள் கூச்சத்துக்கு இடமே இல்லை. கேட்டது அவர்கள், கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டார்கள்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 மே மாதம் அவற்றை ஒருங்கிணைத்து மறுபடியும் உத்தரவாகக் கொண்டுவந்தது. கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக்கூட வாடிக்கையாளரை அடையாளம் காணும் வேலைக்கு ஒரே ஒரு முறை, அதுவும் தெளிவான சம்மதத்துடன்தான் கேட்கலாம். கூகுளின் ப்ளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் துல்லியமான இருப்பிடத்தையும் கேட்பதைத் தடை செய்திருக்கிறது.

இதிலிருந்து உங்களைப் போன்றவர்களுக்குக் கையில் ஓர் உரைகல் கிடைக்கிறது. கடன் தரும் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலைக் கேட்டால், அந்தக் கேள்வியே போதுமான பதில். வட்டி எவ்வளவு, நிறுவனம் எது என்று விசாரிக்கும் வேலைகூட இல்லை, அங்கேயே நிறுத்திவிடலாம். உங்களுக்கு வந்தது மெசேஜ் இணைப்பு வழியாக, ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து. அதனால் அந்தக் கடையின் தடை அதற்குப் பொருந்தவில்லை. ‘அனுமதி கொடுக்காவிட்டால் மேலே போக முடியாது’ என்று திரை வந்து நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். இத்தகைய செயலிகள் தொடர்புகள், எஸ்.எம்.எஸ்., இருப்பிடம், கேமரா என்று வரிசையாகக் கேட்டு, ஒன்றை மறுத்தாலும் மூடிக்கொள்ளும். அவர்கள் பரப்பும் உங்கள் படம், அடையாளத்துக்கு என்று சொல்லி அப்போது எடுக்க வைத்த படமாகத்தான் இருக்க வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 என்று ஒன்று இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவில் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒரு பெண் தொலைவழி மருத்துவச் செயலி ஒன்றை இறக்குகிறார், சிகிச்சைக்கும் சம்மதிக்கிறார், தொடர்புப் பட்டியலுக்கும் சம்மதிக்கிறார். சிகிச்சைக்குப் பட்டியல் தேவையில்லை, ஆகவே அவர் சம்மதம் சிகிச்சை அளவோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். உங்கள் கதைக்கென்றே எழுதியது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் இதை மட்டும் நம்பி இன்று வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு உடனே கைகொடுப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாதான். பணம் பறிப்பதற்கு 308-ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 351. 4,300 கொடுத்து ஏழே நாளில் 7,000 வாங்கியவன், அதாவது நூற்றுக்கு 63 ரூபாய் ஒரு வாரத்தில் எடுத்தவன், அதற்கு மேலும் ‘பாக்கி’ என்று படத்தைக் காட்டிக் கேட்பதை எந்தக் காவல் நிலையத்திலும் கடன் வசூல் என்று சொல்ல முடியாது.

இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ‘இதோடு பட்டியலை அழித்துவிடுகிறோம்’ என்பார்கள். அழித்தார்களா என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை. கொடுக்கிறவர் என்று மட்டும் அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

நீங்கள் அவசரத்தில் அழித்தது

செயலியை நீக்கியதில் ஒரு சங்கடம் உண்டு. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிறவர்களில் பலர் இதையேதான் செய்கிறார்கள். செயலியோடு அதன் பெயர், கடன் விவரத் திரை எல்லாமே போய்விட்டன. கைபேசியின் ‘Downloads’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். `.apk` என்று முடியும் கோப்பு இருந்தால் அதைத் தொடாமல் விட்டு, பெயரும் தேதியும் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். அதை மறுபடியும் நிறுவிப் பார்க்க வேண்டாம். இணைப்பு வந்த அந்த முதல் மெசேஜ், 4,300 வந்ததற்கும் 7,000 போனதற்குமான வங்கிப் பதிவு, யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

டியூஷன் ஆசிரியையிடமும் கடைக்காரரிடமும் அந்த மெசேஜை அழிக்க வேண்டாம் என்று கேளுங்கள். கோபத்தில் அனுப்பியவனைத் தடுத்து, உரையாடலையே அழித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அவர்கள் கைபேசியிலேயே இருக்கும் மூல மெசேஜ். அனுப்பிய எண் முழுவதும் தெரிய வேண்டும். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூலம் போய்விட்டால் சான்றிதழுக்கு வேலையே இல்லை.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். அருகில் உள்ள காவல் நிலையத்துக்கும் போகலாம். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் எல்லை பார்க்காமல் தகவலைப் பதிய வேண்டும் என்று இருப்பதை நிதானமாகச் சொல்லுங்கள். கட்டிய பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் பதிந்தால்தான் முடக்க வாய்ப்பு. உங்கள் பணம் போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன. ஆனால் மிரட்டல் நடந்துகொண்டே இருப்பதால் புகாருக்குத் தாமதம் என்ற குறை இல்லை.

இருப்பிடம்: எவ்வளவு, எப்போது

இருப்பிடத்தை முழுவதும் மூடியது தேவைக்கு மேலான தண்டனை. ஆண்ட்ராய்டில் 2019 முதல் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற தேர்வு இருக்கிறது. திரையில் “Allow only while using the app” என்று வரும். 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து “Use precise location” என்ற தனிப் பொத்தானும் உண்டு. அது இயங்கினால் செயலிக்கு உங்கள் இடம் ஏறக்குறைய 50 மீட்டருக்குள் தெரியும், சில சமயம் இன்னும் நெருக்கமாக. அணைத்தால் சுமார் மூன்று சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரியும். நம் பகுதியில் மூன்று சதுர கிலோமீட்டர் என்றால் கல்மண்டபமும் காசிமேடும் அதற்குள் அடங்கிவிடும். அதில் உங்கள் வீட்டைத் தேடுவது ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தொலைத்த ஊசியைத் தேடுவது போல. ஆட்டோக்காரருக்கும் அதே நிலைதான். நீங்கள் முழுவதும் மூடியதால் அவருக்கு அந்த அளவுகூடத் தெரியாது. உங்கள் தெரு கிடைக்காததற்குக் காரணம் அதுவே.

ஆகவே ஆட்டோ செயலிக்கும் வழிகாட்டும் வரைபடத்துக்கும் துல்லியமான இடத்தைக் கொடுங்கள், பயன்படுத்தும்போது மட்டும். மழை வருமா என்று சொல்லும் செயலிக்குத் துல்லியம் வேண்டியதில்லை. நம் தெருவில் பெய்கிற மழைதான் அடுத்த தெருவிலும் பெய்யும். துணி விற்கும் செயலிக்கு அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டினால் போதும்.

உண்மையில் ஆபத்தானது “Allow all the time” என்ற தேர்வு. இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை கைபேசி எங்கே கிடக்கிறதோ அதுதான் உங்கள் வீடு. வாரத்தில் மூன்று மாலை ஒரே நேரத்தில் எங்கே நிற்கிறதோ அதுதான் பையனின் டியூஷன். உங்கள் பெயர் தெரியாமலே இரண்டு வாரப் பதிவில் இவ்வளவையும் படித்துவிடலாம். ஒரு செயலியை நீங்கள் பார்க்காத நேரத்திலும் அதற்கு உங்கள் இடம் ஏன் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இருக்காது. பையன் டியூஷனிலிருந்து திரும்பும் வழியைத் தெரிந்துகொள்ள எப்போதும் பின்தொடரும் செயலி எதற்கு? வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பகிரச் சொன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுவான், பகிர்வும் தானே நின்றுவிடும்.

இங்கே நான் போட்ட வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. பிரிந்து வந்த கணவன் பின்தொடர்கிறான் என்று பயப்படும் பெண் கேட்டிருந்தால், இருப்பிடத்தைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கொலுசும் மைக்கும்

இதில் பலருக்கு என் மீது கோபம் வரும். ஆளுக்கொரு கொலுசுக் கதை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. மாறாக, திரையில் நாம் செய்வதைப் பதிவு செய்து வெளியே அனுப்பியது சிக்கியது. விளம்பரக்காரருக்குப் பேச்சு தேவைப்படுவதில்லை என்பதுதான் விஷயம். உங்கள் நாத்தனார் பேச்சு முடிந்ததும் தன் கைபேசியில் கொலுசைத் தேடியிருப்பார். இரண்டு கைபேசியும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் ஒரே குடும்பம் என்று விளம்பர வலைகள் கணித்துக்கொள்ளும். அதோடு, உங்கள் வயதுப் பெண்களுக்கு அந்த வாரம் கொலுசு விளம்பரம் பொதுவாகவே ஓடியிருக்கலாம். பேசிய பிறகு வந்தது மட்டும் கண்ணில் பட்டது.

கைபேசியிலேயே காவல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்தால் திரையின் மேல் ஓரத்தில் பச்சை அடையாளம் எரியும். ஐபோனில் அது ஆரஞ்சுப் புள்ளி. மேலிருந்து திரையை இழுத்து அந்த அடையாளத்தைத் தொட்டால் எந்தச் செயலி என்று காட்டும். நீங்கள் அழைப்பில் இல்லை, குரல் பதிவு செய்யவில்லை, ஆனாலும் பச்சை எரிகிறது என்றால் அப்போது பயப்படுங்கள். அதுவரை வாட்ஸ்அப்புக்கு மைக்கைத் திருப்பிக் கொடுங்கள். பயன்படுத்தும்போது மட்டும் என்ற அளவில். விளம்பரம்தான் உறுத்துகிறது என்றால், அமைப்புகளில் ‘Google’ பகுதியின் ‘Ads’ பக்கத்தில் “Delete advertising ID” என்று இருப்பதை அழுத்துவது மைக்கை மூடுவதைவிடப் பலன் தரும்.

மைக்கைவிட நான் அஞ்சுவது ‘Accessibility’ என்ற அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டது அது. வேறு செயலி அதைப் பெற்றால் உங்கள் திரையில் ஓடுவதைப் படிக்கவும், உங்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் முடியும். அந்தக் கடன் செயலியோடு வேறு ஏதாவது இறங்கி இந்த அனுமதியைக் கேட்டிருந்தால், அமைப்புகளில் ‘Accessibility’ பக்கத்தின் பட்டியலில் தெரியும். தெரியாத பெயர் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

இன்று இரவு, தையல் முடிந்த பிறகு

அமைப்புகளில் ‘Privacy’ பகுதிக்குள் “Permission manager” என்று இருக்கும். கைபேசிக்குக் கைபேசி இடம் கொஞ்சம் மாறும். அதில் ‘Contacts’ என்பதைத் தொட்டால் யார் யாரிடம் உங்கள் பட்டியல் இருக்கிறது என்று ஒரே திரையில் வரும். அழைப்புச் செயலியும் வாட்ஸ்அப்பும் இருக்கட்டும். விளையாட்டு, படம் அழகாக்கும் செயலி, டார்ச், வேறு கடன் செயலி எதுவானாலும் “Don't allow”. பணம் அனுப்பும் செயலிக்கும் நான் கொடுப்பதில்லை. எண்ணைத் தட்டியோ கியூ.ஆர். குறியீட்டைப் பார்த்தோ அனுப்பிவிடலாம். அடுத்து ‘Location’ திரையில் “Allowed all the time” என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, மிரட்டுகிறவன் மற்றவர்களுக்கு எழுதுவதற்கு முன் நீங்கள் எழுதிவிடுங்கள். அவனுடைய ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘ஒரு மோசடிக் கடன் செயலி என் கைபேசியிலிருந்து தொடர்பு எண்களைத் திருடியிருக்கிறது. வாங்கியதைக் கட்டிவிட்டேன். என் படத்தோடு உங்களுக்கு ஏதாவது வந்தால் பதில் எழுத வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம், மெசேஜை அழிக்கவும் வேண்டாம்; எனக்குத் தெரிவியுங்கள். சைபர் காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.’

புகார் எண் கைக்கு வந்ததும் அதையும் கடைசி வரியில் சேர்த்து, முதலில் எம்.சி. ரோடு கடைக்காரருக்கு அனுப்புங்கள்.